ஒன்பது வரிக் குறிப்பும் ஒரு மழைக்காலமும்: குடியிருப்புச் சங்கத்தில் பணி அட்டவணை உருவான விதம்

பின்னணி

தென்சென்னையில் 72 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் உரிமையாளர் சங்கத்தில் நான் இணைச் செயலாளர். தாழ்வான பகுதி. கார், பைக் எல்லாம் நிற்பது பேஸ்மெண்டில். அங்கே சேரும் தண்ணீரை வெளியேற்ற, ஒரு மூலையில் குழி தோண்டி 2 நீர்மூழ்கி பம்புகள் போட்டிருக்கிறோம். தண்ணீர் மட்டம் ஏறினால் மிதவை சுவிட்ச் தானாகவே பம்பை ஓடவிட வேண்டும்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையின்போது அந்த பம்புகள் ஓடவில்லை. பேஸ்மெண்டில் இடுப்பளவு தண்ணீர். 11 கார்களும் எண்ண முடியாத அளவு பைக்குகளும் மூழ்கின. ஒரு லிஃப்டின் குழிக்குள் தண்ணீர் போய், மூன்று வாரம் அது ஓடவில்லை.

2024 ஜனவரியில் கூட்டம் போட்டோம். எல்லோரும் கோபமாக இருந்தோம், எல்லோரும் பேசினோம். செயலாளரின் நோட்டில் அரைப்பக்கம் குறிப்பு சேர்ந்தது. "பம்ப் சரிபார்க்க வேண்டும்" என்பது அதன் முதல் வரி. செப்டம்பரில் அதே நோட்டைப் புரட்டியபோது அந்த வரி அப்படியே இருந்தது, வேலை மட்டும் நடந்திருக்கவில்லை. மேனேஜர் பார்ப்பார் என்று செயலாளர் நினைத்திருந்தார். கமிட்டி ஆள் அனுப்பும் என்று மேனேஜர் காத்திருந்தார். இருவர் மேலும் தப்பு சொல்ல முடியாது. குறிப்பில் பெயரும் இல்லை, தேதியும் இல்லை.

செப்டம்பர் 8: கூட்டமும் குறிப்பும்

விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள், ஞாயிறு மாலை 6 மணிக்கு மழைக்கால முன்னேற்பாட்டுக் கூட்டம். கமிட்டியில் 9 பேர், வந்தது 7 பேர். இரண்டு மணி நேரம் ஓடியது. மறுநாள் காலை செயலாளர் மகள் வீட்டுக்கு பெங்களூரு கிளம்ப வேண்டியிருந்தது. நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு, "நீங்களே மினிட்ஸ் எழுதி குரூப்ல போட்டுடுங்க" என்றார்.

படத்தில் இருந்தது இவ்வளவுதான்:

> பேஸ்மெண்ட் பம்ப் – போன வருஷம் மாதிரி ஆகக்கூடாது. ரெண்டும் செக்.
> மழைநீர் குழி தூர் – சீக்கிரம். பி-304 தெரிஞ்ச ஆள்.
> ஜெனரேட்டர் டீசல்??
> லிஃப்ட் – ஏஎம்சி ஆளிடம் பேசணும் (பொருளாளர்)
> வாசல் கால்வாய் – மாநகராட்சி மனு. கொடுத்தாச்சா?
> மணல் மூட்டை – மேனேஜர்
> மெயின்டனன்ஸ் பாக்கி 4 வீடு – பேசினோம்
> ராம்ப் மேடு உயர்த்துவது – பிறகு
> வாட்ச்மேன் டார்ச், ரெயின்கோட்

இதை அப்படியே நல்ல தமிழில் தட்டச்சு செய்து "தீர்மானங்கள்" என்று தலைப்புப் போட்டு அனுப்பியிருக்கலாம். ஜனவரியில் செய்ததும் அதுதான். இந்த முறை ஒவ்வொரு வரியையும் அட்டவணையில் ஏற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். என்ன பணி, யார் பொறுப்பு, என்ன கெடு, இப்போது என்ன நிலை. நாலே நாலு பத்தி.

அன்றிரவு: வரிகளைப் பிரித்தது

முதலில் செய்தது ஒதுக்கல். ஒன்பது வரியும் ஒரே வகை இல்லை. "பாக்கி 4 வீடு – பேசினோம்" என்பது பணியே அல்ல. பேசினார்கள், முடிவு எதுவும் எடுக்கவில்லை. இதை அட்டவணையில் ஏற்றினால் "பாக்கியைப் பின்தொடர்வது" என்று நானே ஒரு வேலையைக் கற்பித்து, பொருளாளர் தலையில் கட்டியதாகிவிடும். கூட்டத்தில் யாரும் அவரிடம் அதை ஒப்படைக்கவில்லை. தவிர, எந்த நாலு வீடு என்பது எல்லோரும் பார்க்கும் தாளில் வரக்கூடிய விஷயமும் இல்லை. அதை நீக்கினேன்.

"ராம்ப் மேடு – பிறகு" என்பது ஒத்திவைப்பு. தெரு மட்டம் ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் உயர்கிறது, அதனால் ராம்பின் தலைப்பை ஓர் அடி உயர்த்த வேண்டும் என்ற யோசனை. அதைத் தூக்கிப் போட மனமில்லை. ஆனால் கெடு இல்லாமல் விட்டால் காணாமல் போய்விடும். ஆகவே பணியை மாற்றி எழுதினேன்: "ராம்ப் உயர்த்துவது குறித்து நவம்பர் கூட்டத்தில் முடிவெடுக்க, 2 ஒப்பந்ததாரரிடம் மதிப்பீடு வாங்குதல்."

மீதி ஏழு வரிகளில் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்த சிக்கல், வினைச்சொற்கள். "செக்", "பேசணும்", "பார்க்கணும்". இவை ஒருநாளும் முடியாத வினைகள். லிஃப்ட் ஏஎம்சி ஆளிடம் பேசியாகிவிட்டது என்று பொருளாளர் சொன்னால் அது உண்மையாகவே இருக்கும், லிஃப்ட் மட்டும் அப்படியே இருக்கும். அதனால் ஒவ்வொரு பணிக்கும் நானே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன்: இது முடிந்துவிட்டது என்று வாசலில் நிற்கிற ஒருவர் எதைப் பார்த்துச் சொல்வார்? அந்தப் பதிலையே பணியாக எழுதினேன். "லிஃப்ட் ஆளிடம் பேசுதல்" என்பது, "மழை எச்சரிக்கை வந்தால் 2 லிஃப்டையும் முதல் தளத்திலேயே நிறுத்திவைக்கும் முறையை வாட்ச்மேன் மூவரும் செய்து காட்டுதல்" என்று ஆனது. கூட்டத்தில் பேசியது உண்மையில் அதைத்தான். குறிப்பு எழுதிய கை அதை நாலு சொல்லாகச் சுருக்கிவிட்டது.

இப்படி விரிக்கும்போது ஓர் ஆபத்தும் இருக்கிறது. கூட்டத்தில் இல்லாததை நாமே சேர்த்துவிடுவோம். நானும் கூட்டத்தில் இருந்தவன் என்பதால் பெரும்பாலும் நினைவிலிருந்து நிரப்ப முடிந்தது. ஊகித்த இடங்களில் செல்லுக்கு மஞ்சள் நிறம் அடித்து வைத்தேன். முதல் வரைவில் ஆறு செல்கள் மஞ்சள்.

செப்டம்பர் 9, 10: தொலைபேசிச் சுற்று

அட்டவணையைக் குரூப்பில் போடுவதற்கு முன், பொறுப்புப் பத்தியில் யார் பெயர் வருகிறதோ அவர்களிடம் பேசிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். உங்கள் பெயருக்கு நேராக இந்த வேலை, இந்தத் தேதி, சம்மதமா? இவ்வளவுதான் கேள்வி. ஆளுக்கு மூன்று நிமிடம்.

மிக முக்கியமான கண்டுபிடிப்பு இந்தச் சுற்றில்தான் நடந்தது. பம்ப் வேலைக்கு மேனேஜரைக் கூப்பிட்டேன்.

"ரெண்டு பம்பும் சரியா இருக்குன்னு எதை வெச்சுச் சொல்வீங்க?"

"சுவிட்ச் போட்டா ஓடும் சார். அதான்."

"போன டிசம்பர்ல ஏன் ஓடலை?"

"கரண்ட் இல்லையே சார். ஈபில தெருவையே ஆஃப் பண்ணிட்டாங்க."

"ஜெனரேட்டர் ஓடிச்சே?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஜெனரேட்டர்ல பம்ப் லைன் கிடையாது சார். லிஃப்ட், காமன் லைட், மேல்தொட்டி மோட்டார், இவ்ளோதான் கொடுத்திருக்காங்க."

ஒன்பது மாதமாக எல்லோரும் "பம்ப் ரிப்பேர்" என்று பேசிக்கொண்டிருந்தோம். பம்பில் கோளாறு இருந்ததா இல்லையா என்பதே யாருக்கும் தெரியாது. தெருவில் தண்ணீர் ஏறினால் ஷாக் அடிக்காமல் இருக்க மின்சாரத்தை நிறுத்துவார்கள். அதாவது பம்ப் தேவைப்படுகிற அதே மணி நேரத்தில்தான் அதற்கு மின்சாரம் இருக்காது. கட்டடம் கட்டியபோதே விட்டுப்போன இணைப்பு. மேனேஜருக்கு இது எப்போதுமே தெரியும். அவரிடம் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். கூட்டத்துக்கு அவரை நாங்கள் அழைப்பதும் இல்லை.

எனவே "ரெண்டும் செக்" என்ற ஒரு வரி இரண்டு பணிகளாகப் பிரிந்தது. ஒன்று, குழியில் தண்ணீர் நிரப்பி மிதவை சுவிட்ச் வழியாக இரண்டு பம்பும் தானாக ஓடுவதைப் பார்த்தல். இரண்டு, ஜெனரேட்டர் பேனலிலிருந்து பம்புக்கு கேபிள் இழுத்து, ஈபி மெயினை அணைத்த நிலையில் பம்பை ஓட்டிக் காட்டுதல்.

பி-304 வீட்டுக்காரர் மட்டும் இரண்டு நாளும் போனை எடுக்கவில்லை. மழைநீர்க் குழி தூர்வாருவதற்கு அவருக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார் என்பதால் அவர் பெயரையே பொறுப்பில் போட்டு, பக்கத்தில் மேனேஜர் பெயரையும் சேர்த்தேன். எப்படியும் ஒருவர் பார்த்துக்கொள்வார் என்ற எண்ணம்தான். ஜனவரியில் என்ன ஆனது என்று மேலே எழுதியிருக்கிறேன். அதையே திரும்பச் செய்தேன்.

செப்டம்பர் 11: வெளியான அட்டவணை

ஏ பிளாக் உறுப்பினர் ஒருவரின் மகன் அமெரிக்காவில் இருக்கிறார். அவர் தன் அலுவலகத்துக்காகச் செய்திருந்த கூகுள் ஷீட் ஒன்றை அனுப்பினார். அதை நகல் எடுத்து, தலைப்புகளைத் தமிழாக்கி நிரப்பினேன். மொத்தம் 9 பணிகள். முக்கியமான ஐந்து இவை:

| எண் | பணி | பொறுப்பு | கெடு | நிலை |
|---|---|---|---|---|
| 1 | குழியில் தண்ணீர் நிரப்பி 2 பம்பும் தானாக ஓடுவதைப் பார்த்தல் | மேனேஜர் | 15/9 | தொடங்கவில்லை |
| 2 | ஜெனரேட்டரிலிருந்து பம்புக்கு இணைப்பு. ஈபி அணைத்து ஓட்டிக் காட்டுதல் | இணைச் செயலாளர் | 10/10 | தொடங்கவில்லை |
| 3 | மழைநீர்க் குழி 6-உம் தூர்வாருதல் | பி-304, மேனேஜர் | 22/9 | தொடங்கவில்லை |
| 4 | லிஃப்டை முதல் தளத்தில் நிறுத்தும் முறையை வாட்ச்மேன்கள் செய்து காட்டுதல் | பொருளாளர் | 5/10 | தொடங்கவில்லை |
| 5 | ராம்ப் வாயில் அடுக்க 60 மணல் மூட்டை | மேனேஜர் | 30/9 | தொடங்கவில்லை |

கெடுக்களை எப்படி வைத்தேன் என்று சொல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். அதற்கு பத்து நாள் முன்னால், அக்டோபர் 10-ஐக் கடைசி நாளாக வைத்து பின்னோக்கிக் கணக்கிட்டேன். அக்டோபர் 11 ஆயுதபூஜை, 12 விஜயதசமி. அந்த வாரத்தில் எந்த வேலையாளும் வரமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தூர்வாரும் வேலை ஆள் கிடைப்பதைப் பொறுத்தது என்பதால் அதற்கு முன்கூட்டிய கெடு.

நிலைப் பத்தியில் நாலு சொற்கள் மட்டுமே அனுமதி: தொடங்கவில்லை, நடக்கிறது, காத்திருப்பு, முடிந்தது. கடைசிப் பத்தியில் தாமதத்தைத் தானாகக் காட்ட ஒரு சூத்திரம். டி பத்தி கெடு, இ பத்தி நிலை:

```
=IF(AND(D2<TODAY(),E2<>"முடிந்தது"),"தாமதம்","")
```

ஒவ்வொரு புதன் மாலையும் பத்து நிமிடம் போனில் கூடுவோம், "தாமதம்" என்று வந்த வரிகளை மட்டும் பேசுவோம் என்று ஒப்புக்கொண்டோம். பேச்சு நீளாமல் இருக்க இது நல்ல வழி என்று அப்போது தோன்றியது.

செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 9 வரை

பம்ப் சோதனை சொன்ன நாளில் நடந்தது. குழாய் போட்டுக் குழியை நிரப்பினார்கள். முதல் பம்ப் தானாக ஓடியது. இரண்டாவது முனகியதே தவிர சுழலவில்லை. வெளியே எடுத்துப் பார்த்தால் இறக்கையில் பிளாஸ்டிக் கவர் சுற்றியிருந்தது. சுத்தம் செய்ததும் ஓடியது. சுவிட்சைப் போட்டு சத்தம் கேட்கிறதா என்று மட்டும் பார்த்திருந்தால் "ரெண்டும் ஓகே" என்று எழுதியிருப்போம்.

ஜெனரேட்டர் இணைப்பு வேறு விதமாக இழுத்தது. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். இரண்டு பம்பும் லிஃப்டும் ஒரே நொடியில் கிளம்பினால் ஜெனரேட்டர் திணறும், பம்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும்படி டைமர் வைக்க வேண்டும் என்றார். மொத்தம் 38,000 ரூபாய் ஆகும். எங்கள் சங்கத்தில் 25,000-க்கு மேல் செலவு என்றால் கமிட்டியில் பெரும்பான்மை ஒப்புதல் வேண்டும். செப்டம்பர் 18 அன்று நிலையை "நடக்கிறது" என்று எழுதி வைத்தேன். உண்மையில் எதுவும் நடக்கவில்லை, ஒப்புதலுக்காக உட்கார்ந்திருந்தது. அடுத்த புதன் பொருளாளர் கேட்டார்: "நடக்கிறதுன்னு போட்டிருக்கீங்க, என்கிட்ட ஒண்ணும் வரலையே?" அவர் என் அட்டவணையைப் பார்த்து, வேலை ஓடுகிறது என்று நினைத்துக் காத்திருந்தார். நான் அவருக்காகக் காத்திருந்தேன்.

அன்றைக்கே நிலைக்கு அருகில் இன்னொரு பத்தி சேர்த்தோம்: "அடுத்து என்ன, யார் கையில்". நிலை "காத்திருப்பு" என்றால் இந்தச் செல் காலியாக இருக்கக் கூடாது. இணைப்பு வரியில் "செலவு ஒப்புதல் – பொருளாளர், 27/9" என்று எழுதினோம். 27-ஆம் தேதி ஒப்புதல் வந்தது. அக்டோபர் 9 மாலை ஈபி மெயினை அணைத்து, ஜெனரேட்டரில் இரண்டு பம்பையும் ஓட்டிப் பார்த்தோம். 40 விநாடி இடைவெளியில் இரண்டாவது கிளம்பியது. வீடியோ எடுத்து அட்டவணையில் அதன் இணைப்பைப் போட்டேன்.

தேதியில் இருந்த பொறி

இதற்கிடையில் நடந்த ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். அட்டவணையை வெளியிட்ட முதல் வாரமே, பொருளாளரின் லிஃப்ட் வரியில் "தாமதம்" என்று சிவப்பாக வந்தது. "கெடு அக்டோபர் 5. இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. அதுக்குள்ள தாமதமா?" என்று சரியாகவே கோபப்பட்டார். சூத்திரத்தில் ஏதோ குழப்பம் என்று நினைத்து, அந்த ஒரு செல்லில் மட்டும் சூத்திரத்தை அழித்துவிட்டேன். ஏன் என்று பார்க்கவில்லை.

அக்டோபர் 2 அன்று, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஏ-102 அம்மா அட்டவணையைக் கணினியில் திறந்து பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "கெடு பத்தியில சில தேதி இடது பக்கம் ஒட்டியிருக்கு, சில தேதி வலது பக்கம் ஒட்டியிருக்கு தம்பி. இடது பக்கம் இருக்கிறதெல்லாம் அதுக்குத் தேதியாவே தெரியலை."

அதுதான் விஷயம். அமெரிக்காவில் செய்த ஷீட்டின் நகல் என்பதால் அதன் மொழி-நாட்டு அமைப்பு அமெரிக்காவாகவே இருந்தது. அங்கே முதலில் மாதம், பிறகு நாள். நான் 5/10 என்று அடித்ததை அது மே 10 என்று எடுத்துக்கொண்டது, உடனே தாமதம். 22/9 என்று அடித்ததற்கு இருபத்திரண்டாவது மாதம் இல்லை என்பதால் அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொண்டது. எழுத்தைத் தேதியோடு ஒப்பிட்டால் எழுத்துதான் பெரியது என்பது ஷீட்டின் கணக்கு. ஆகவே அந்த வரிகள் எத்தனை நாள் தாண்டினாலும் தாமதம் என்று வரவே வராது. பார்வைக்கு இரண்டுமே ஒழுங்காக 5/10, 22/9 என்றுதான் தெரிந்தன.

நாங்களோ தாமதம் என்று வந்ததை மட்டும்தான் பேசினோம். மழைநீர்க் குழி வரி 22/9-ஐத் தாண்டி பத்து நாள் ஆகியிருந்தது. செப்டம்பர் 25 கூட்டத்தில் அது பேச்சிலேயே வரவில்லை. பி-304 வீட்டுக்காரரிடம் கேட்டேன். "நான் அந்த ஆளோட நம்பரைத் தரேன்னுதானே சொன்னேன்? நம்பர் அனுப்பிட்டேனே" என்றார். அனுப்பியும் இருந்தார், கமிட்டி குரூப்பில், பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவில். அவர் ஆளைக் கூட்டி வருவார் என்று மேனேஜர் இருந்தார்.

ஷீட் அமைப்பில் நாட்டை இந்தியா என்று மாற்றி, எல்லாத் தேதிகளையும் திரும்ப அடித்தோம். ஏற்கெனவே எழுத்தாகப் பதிந்ததை நம்பி விட்டுவிடக் கூடாது, மே 10 என்று பதிந்ததும் தானாக அக்டோபர் 5 ஆகிவிடாது. சூத்திரத்தையும் மாற்றினேன்:

```
=IF(NOT(ISNUMBER(D2)),"தேதி சரியில்லை",IF(AND(D2<TODAY(),E2<>"முடிந்தது"),"தாமதம்",""))
```

இப்போது கெடு காலியாக இருந்தாலும், "சீக்கிரம்" என்று யாராவது எழுதினாலும் உடனே தெரிந்துவிடும். குழி வரியில் மேனேஜர் பெயரை மட்டும் வைத்தோம். அவர் அன்றே அந்த எண்ணுக்குப் பேசினார். ஆயுதபூஜை முடிந்துதான் ஆள் வர முடியும் என்று பதில். எப்படியோ கெஞ்சி 9, 10 தேதிகளில் இரண்டு ஆட்களை வரவழைத்தார். 6 குழிகளில் 2 முடிந்தன.

அக்டோபர் 15: மழை

நாங்கள் கணக்கிட்டதைவிட முன்னதாகவே வந்தது. 14 இரவு தொடங்கி 15 முழுக்கக் கொட்டியது. வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் காரை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்திய படங்கள் எல்லோரும் பார்த்தவைதான்.

14 மாலை அட்டவணைப்படி 9 பணிகளில் 6 முடிந்தது, குழி வேலை நடக்கிறது, கால்வாய் மனு காத்திருப்பு, ராம்புக்குக் கெடு நவம்பர். 15 மதியம் 2 மணிக்குத் தெருவில் மின்சாரம் நின்றது. ஜெனரேட்டர் கிளம்பியது, பம்புகளும் கிளம்பின. லிஃப்டுகளை வாட்ச்மேன் முன்பே முதல் தளத்தில் நிறுத்தியிருந்தார்.

அப்போதுதான் மணல் மூட்டைக்காக ஓடினோம். "முடிந்தது" என்று இருந்த வரி. ஷெட்டைத் திறந்தால் 60 சாக்குகள், மடித்துக் கயிறு கட்டியபடி. மணல் இல்லை. மேனேஜர் பொய் சொல்லவில்லை. சாக்கு வந்தது, பில் கொடுத்தார், முடிந்தது என்றார். மணல் லோடு தனியாகச் சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரியும், "மூட்டை வாங்கியாச்சா?" என்று நான் போனில் கேட்டதற்கு ஆமாம் என்றார், நானே நிலையை மாற்றினேன். தோட்டத்து மண்ணை அள்ளிப் போட்டு முப்பது மூட்டை தேற்றினோம், மழையில் நனைந்துகொண்டே.

தூர்வாராத நாலு குழிகளும் முன்பக்கத் தோட்டத்தில் இருந்தன. அங்கே தேங்கிய தண்ணீர் ராம்ப் பக்கமாக வழிந்தது. பேஸ்மெண்டில் அதிகபட்சம் கணுக்கால் அளவு நின்றது, இரவு 11 மணிக்குள் பம்புகள் இறைத்துவிட்டன. எந்த வண்டியும் சேதமாகவில்லை. 2023 மழையோடு இதை ஒப்பிடக் கூடாது, அது வேறு அளவு மழை. மின்சாரம் இல்லாத நேரத்தில் பம்ப் ஓடியது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

பிறகு செய்த மாற்றங்கள்

அடுத்த ஞாயிறு உட்கார்ந்து அட்டவணையைத் திருத்தினோம். "முடிந்தது" என்று எழுத, பக்கத்தில் படமோ பில்லோ வீடியோவோ இருக்க வேண்டும். பொறுப்பாளர் சொல்வதை மட்டும் வைத்து மூன்றாமவர் நிலையை மாற்றக் கூடாது. மணல் மூட்டைப் பணி "மணல் நிரப்பிக் கட்டிய 60 மூட்டை, ராம்ப் ஓரத்தில் அடுக்கிய படம்" என்று மாறியது.

கெடு மாறினால் பழையதை அழிக்காமல், "முதல் கெடு" என்ற தனிப் பத்தியில் வைத்திருக்கிறோம். கால்வாய் மனு வரிக்காகவே இதைச் சேர்த்தோம். மனு எண் வாங்கியாகிவிட்டது, வேலை நம் கையில் இல்லை. தேதியை வாரா வாரம் நகர்த்திக்கொண்டே போனால், எத்தனை நாளாக நிற்கிறது என்பதே மறந்துவிடும்.

பொறுப்பில் ஒரே பெயர். ஆள் எண் தருபவர், கூட வருபவர் எல்லாம் குறிப்பில் இருக்கலாம். போனில் சம்மதம் சொல்லாதவர் பெயரைப் போடுவதில்லை. அவர் கிடைக்கும் வரை அந்த வரிக்குச் செயலாளரே பொறுப்பு. புதன் பேச்சில் தாமதமான வரிகளோடு அடுத்த ஏழு நாளில் கெடு வருகிறவற்றையும் படிக்கிறோம். அதனால் பேச்சு பத்து நிமிடத்திலிருந்து இருபது நிமிடம் ஆகிவிட்டது. சிலருக்கு அது பிடிக்கவில்லை.

நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலன்று 6 குழிகளும் தூர்வாரி இருந்தன, மூட்டைகளில் மணல் இருந்தது. பேஸ்மெண்ட் நனைந்ததே தவிர தண்ணீர் நிற்கவில்லை.

திரும்பச் செய்வதாக இருந்தால்

கூட்டத்துக்கு மேனேஜரை அழைத்திருப்பேன். ஜெனரேட்டர் விஷயம் ஜனவரியிலேயே வெளியே வந்திருக்கும். இப்போது கூட்டத்தின் கடைசிப் பதினைந்து நிமிடம் அவரும் எலக்ட்ரீஷியனும் உட்காருகிறார்கள். அட்டவணையையும் அந்த நேரத்திலேயே, டிவி திரையில் போட்டு, எல்லோர் முன்னாலும் நிரப்புகிறோம். மஞ்சள் செல் வருவதே அபூர்வம்.

இரவல் ஷீட்டை எடுத்திருக்க மாட்டேன், எடுத்தாலும் ஒரு பொய்த் தேதியை, நேற்றைய தேதியை, போட்டு சிவப்பு வருகிறதா என்று சோதித்திருப்பேன். லிஃப்ட் வரியில் சூத்திரத்தை அழித்ததுதான் இதில் நான் செய்த பெரிய தவறு. பொருளாளரின் கோபத்தைச் சமாளிக்க அழித்தேன். அந்தச் சிவப்பு எழுத்து ஒன்றுதான் ஷீட் தேதிகளைத் தவறாகப் படிக்கிறது என்று எங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

ராம்ப் வரி மட்டும் இன்னும் மூடவில்லை. மதிப்பீடு இரண்டும் வந்துவிட்டன, நவம்பர் கூட்டத்தில் முடிவு ஆகவில்லை, மார்ச்சுக்குப் போயிருக்கிறது. முதல் கெடு பத்தியில் 10/11 என்று நிற்கிறது. "அடுத்து என்ன, யார் கையில்" என்ற செல்லில் பொருளாளர் தன் கையாலேயே எழுதியிருப்பது: "பொதுக்குழு. 72 வீடு."